30, 36, 12.75, 7.8: நாலும் ஒரே மைலேஜ்தான்

போன மாதம் கோயம்புத்தூரில் எங்கள் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். மண்டபத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது பேச்சு எப்படியோ காருக்குப் போய்விட்டது. நியூ ஜெர்சியிலிருந்து வந்திருந்த தம்பி, "என் வண்டி 30 குடுக்குது" என்றான். லண்டனிலிருந்து வந்திருந்த அக்கா வீட்டுக்காரர், "எங்களுது 36 வருதுப்பா" என்றார். டொராண்டோவில் இருக்கும் தம்பியின் நண்பர், "எனக்கு 7.8 காட்டுது" என்று சொன்னதும், பக்கத்தில் இருந்த பெரியப்பா பதறிவிட்டார். "என்னப்பா, லாரியா ஓட்டற? என் பழைய வண்டியே லிட்டருக்குப் பன்னெண்டே முக்கால் தருதே!"

இந்த நாலு வண்டியும் கிட்டத்தட்ட ஒரே அளவு பெட்ரோல்தான் குடிக்கின்றன. தம்பியின் 30, மாமாவின் 36, நண்பரின் 7.8, பெரியப்பாவின் 12.75 எல்லாம் ஒரே அளவை நாலு விதமாகச் சொல்லும் எண்கள். அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தி தொடங்கியதால் இதை விளக்க நேரமில்லை. இங்கே கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். கணக்கு சின்னதுதான். ஆனால் அதில் இரண்டு இடங்களில் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். ஒன்று கேலன். இன்னொன்று, எண்ணைத் தலைகீழாகத் திருப்பும் இடம்.

தம்பியின் கணக்கிலிருந்து தொடங்கலாம். அவன் போனில் ஒரு பெட்ரோல் பங்க் ரசீதின் படம் இருந்தது. டேங்க்கை நிரப்பிவிட்டு ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கியிருக்கிறான். அடுத்த முறை நிரப்பும்போது ட்ரிப் மீட்டர் 302 மைல் காட்டியது. ரசீதில் 10.065 கேலன். அங்கே பம்புகள் கேலனை மூன்று தசம இடம் வரை காட்டும். 302-ஐ 10.065-ஆல் வகுத்தால் 30. அதுதான் அவன் சொன்ன எண்.

இதை நம் கணக்குக்குக் கொண்டுவர இரண்டையும் தனித்தனியே மாற்ற வேண்டும். ஒரு மைல் 1.609344 கிலோமீட்டர். 302 மைல் என்றால் 486 கி.மீ. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். 10.065 கேலன் என்றால் 38.1 லிட்டர். 486-ஐ 38.1-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 12.76 கி.மீ. வருகிறது. பெரியப்பாவின் பன்னிரண்டே முக்கால்.

ஒவ்வொரு முறையும் இப்படி இரண்டு படியாகப் போக வேண்டியதில்லை. 1.609344-ஐ 3.785412-ஆல் ஒரு தடவை வகுத்து வைத்துக்கொண்டால் 0.425 கிடைக்கும். அமெரிக்க எண்ணை அதனால் பெருக்கினால் போதும். மனக்கணக்காகவே போட இதில் ஒரு வசதி இருக்கிறது. எண்ணைப் பாதியாக்குங்கள், அந்தப் பாதியில் 15 சதவீதத்தைக் கழியுங்கள். 30-இல் பாதி 15, அதில் 15 சதவீதம் 2.25, மீதி 12.75. பாதியில் 85 சதவீதம் என்பது 0.425 என்பதால், மேலே சொன்ன பெருக்கலும் இதுவும் ஒன்றேதான்.

இப்போது மாமாவின் 36. மேலே சொன்ன குறுக்குவழியை அவர் எண்ணுக்குப் போட்டால் 15.3 வரும். அது தப்பு. அவருடைய கேலன் வேறு.

பிரிட்டனில் ஒரு காலத்தில் திராட்சை மதுவுக்கு ஒரு கேலன், பீருக்கு ஒரு கேலன், தானியத்துக்கு ஒரு கேலன் என்று பல கேலன்கள் புழக்கத்தில் இருந்தன. அரசி ஆன் காலத்தில், 1707-இல், மது கேலன் என்பது 231 கன அங்குலம் என்று சட்டத்தில் நிலைநிறுத்தினார்கள். அமெரிக்கக் குடியேற்றங்கள் அதையே பிடித்துக்கொண்டன. சுதந்திரம் வாங்கிய பிறகும் விடவில்லை. இன்றைய அமெரிக்க கேலன் அதே 231 கன அங்குலம்தான். ஆனால் பிரிட்டன் 1824-இல் பழைய கேலன்களை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கியது. குறிப்பிட்ட வெப்பநிலையில் 10 பவுண்டு எடையுள்ள தண்ணீர் எவ்வளவு இடம் பிடிக்குமோ அதுதான் ஒரு கேலன் என்று வைத்தார்கள். அதை இம்பீரியல் கேலன் என்பார்கள். லிட்டரில் சொன்னால் 4.546. அமெரிக்க கேலனைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பெரியது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம், வித்தியாசம் 20.1 சதவீதம்.

கேலன் பெரிதானால் ஒரு கேலனுக்கு ஓடும் தூரமும் அதே அளவு கூடும். எனவே ஒரே வண்டி அமெரிக்காவில் 30 என்றால் பிரிட்டனில் 36. வண்டி ஒரு துளிகூடக் கூடுதலாகச் சிக்கனம் பிடிக்கவில்லை.

மாமாவின் கணக்கு நடைமுறையில் இன்னும் கொஞ்சம் சிக்கலானது. பிரிட்டனில் சாலைப் பலகைகளும் ஓடோமீட்டரும் மைலில் இருக்கின்றன. பெட்ரோலோ லிட்டரில் விற்கிறார்கள். ஆனாலும் பேச்சில் கேலனுக்கு இத்தனை மைல் என்றுதான் சொல்வார்கள். கையில் கேலன் என்று ஒன்றைத் தொடாமலே கேலனில் பேசுகிற ஊர் அது. மாமா 250 மைல் ஓட்டி 31.5 லிட்டர் போட்டிருந்தார். லிட்டருக்கு 7.94 மைல். அதை 4.546-ஆல் பெருக்கினால் 36. நேராக நம் கணக்குக்கு வர வேண்டுமென்றால் கேலன் பக்கமே போகத் தேவையில்லை. 250 மைல் என்பது 402 கி.மீ., அதை 31.5-ஆல் வகுத்தால் 12.77. தலைப்பு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மாற்ற வேண்டுமென்றால் பிரிட்டிஷ் எண்ணை 0.354-ஆல் பெருக்க வேண்டும். மனக்கணக்குக்கு, மூன்றில் ஒரு பங்கு எடுத்து அதோடு 6 சதவீதம் சேர்த்தால் போதும். 36-இல் மூன்றில் ஒன்று 12, அதன் 6 சதவீதம் 0.72, ஆக 12.7.

இணையத்தில் ஒரு காரின் விவரத்தைப் படிக்கும்போது எந்த கேலன் என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அங்கேதான் குழப்பம் நுழைகிறது. கனடாவில் இது இன்னும் மோசம். அங்கே அரசு வெளியிடும் எரிபொருள் கையேட்டில் லிட்டர் கணக்கோடு கேலன் கணக்கும் பக்கத்திலேயே இருக்கும். அந்தக் கேலன் இம்பீரியல். எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் பஃபலோவில் அதே காரின் ஜன்னலில் ஒட்டியிருக்கும் தாளில் இருப்பதோ அமெரிக்க கேலன். இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு "கனடாவில் விற்கும் வண்டி நல்ல மைலேஜ் தருகிறது" என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை: ஒரே வண்டிக்கு இரண்டு எண்கள் கிடைத்தால் பெரியதைச் சிறியதால் வகுத்துப் பாருங்கள். விடை 1.2-ஐ ஒட்டி வந்தால் முதலில் கேலனைச் சந்தேகப்படுங்கள். 1.1, 1.35 என்று வேறு ஏதாவது வந்தால் கேலன் மட்டும் காரணமாக இருக்க முடியாது, சோதித்த விதமோ வண்டியோ வேறு.

இந்தியாவிலும் பழைய வண்டிகளின் கையேடு வைத்திருப்பவர்களுக்கு இது தேவைப்படும். 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து படிப்படியாக லிட்டருக்கு மாறும் வரை இங்கேயும் கேலன்தான், அதுவும் பிரிட்டிஷ் கேலன். மைல் போய் அறுபது வருஷம் ஆகியும் "மைலேஜ்" என்ற சொல் மட்டும் நம் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்துக் கையேட்டில் 30 என்று போட்டிருந்தால் 0.354-ஆல் பெருக்கி லிட்டருக்கு 10.6 என்று படிக்க வேண்டும், 12.75 என்று அல்ல.

சரி, இனி டொராண்டோ நண்பரின் 7.8.

கனடாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் கேள்வியே வேறு. நாம் "ஒரு லிட்டருக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்கிறோம். அவர்கள் "100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்?" என்று கேட்கிறார்கள். தம்பியின் பயணத்தையே எடுத்துக்கொண்டால், 486 கி.மீ.க்கு 38.1 லிட்டர். 100 கி.மீ.க்கு 7.84 லிட்டர். பெரியப்பாவைப் பதறவைத்த எண் அதுதான். அவருக்குப் பழக்கப்பட்ட அளவில் எண் கூடினால் நல்லது. நண்பரின் அளவில் எண் குறைந்தால் நல்லது.

மாற்றுவது சுலபம். 100-ஐ ஓர் அளவின் எண்ணால் வகுத்தால் மற்ற அளவின் எண் வரும். 100-ஐ 7.84-ஆல் வகுத்தால் 12.76. 100-ஐ 12.76-ஆல் வகுத்தால் 7.84. இரண்டையும் பெருக்கினால் எப்போதும் 100 வர வேண்டும். போட்ட கணக்கு சரியா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை. கேலன் எண்ணிலிருந்து நேராக வர வேண்டுமென்றால் அமெரிக்க எண்ணுக்கு 235-ஐ அதனால் வகுக்க வேண்டும், பிரிட்டிஷ் எண்ணுக்கு 282-ஐ. 235-ஐ 30-ஆல் வகுத்தால் 7.8. 282-ஐ 36-ஆல் வகுத்தாலும் 7.8.

ஒரே ஒரு நிலைப்புள்ளியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். லிட்டருக்கு 10 கி.மீ. என்பதும் 100 கி.மீ.க்கு 10 லிட்டர் என்பதும் ஒன்றே. அமெரிக்க கேலனில் அது 23.5, பிரிட்டிஷ் கேலனில் 28.2. யாராவது ஓர் எண் சொன்னால் அது இந்தப் புள்ளிக்கு எந்தப் பக்கம் என்று பார்த்தாலே பாதி தெளிவு வந்துவிடும். அமெரிக்கர் 30 என்கிறாரா, 23.5-க்கு மேலே, ஆகவே லிட்டருக்கு 10-க்கு மேலே, 100 கி.மீ.க்கு 10 லிட்டருக்குக் கீழே.

இங்கே வழுக்கும் இடம் இதுதான். கேலனிலிருந்து லிட்டருக்கு மாறும்போது பெருக்கினோம். இங்கே வகுக்கிறோம், அதுவும் எண்ணைக் கீழே போட்டு வகுக்கிறோம். பெருக்கல் என்பது அளவுகோலை மாற்றுவது மாதிரி. அங்குலத்தில் இரட்டிப்பாக இருந்தது சென்டிமீட்டரிலும் இரட்டிப்பாகத்தான் இருக்கும். இப்படித் தலைகீழாக்கும்போது இடைவெளிகளின் அளவே மாறிவிடுகிறது. லிட்டருக்கு 5-லிருந்து 10 ஆனால் 100 கி.மீ.க்கு 20 லிட்டர் 10 ஆகிறது, 10 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 25 ஆனால் 5 லிட்டர் 4 ஆகிறது, ஒரு லிட்டர்தான் மிச்சம். இரண்டு இடத்திலும் மைலேஜ் அதே ஐந்துதான் கூடியது.

எனக்கு இது உறைத்தது வேறு ஒரு வழியில். லிட்டர் என்பது கன அளவு, கிலோமீட்டர் என்பது நீளம். கன அளவை நீளத்தால் வகுத்தால் மிஞ்சுவது பரப்பளவு. அப்படியானால் 100 கி.மீ.க்கு 7.84 லிட்டர் என்பது ஏதோ ஒன்றின் குறுக்குவெட்டுப் பரப்பாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 0.0784 சதுர மில்லிமீட்டர். அதாவது, கார் போகும் பாதை நெடுக பெட்ரோலை ஒரு நூல் மாதிரி இழுத்துக் கட்டி வைத்து, வண்டி அதை உறிஞ்சிக்கொண்டே போகிறது என்று நினைத்துக்கொண்டால், அந்த நூலின் விட்டம் சுமார் 0.32 மில்லிமீட்டர். கோயம்புத்தூரிலிருந்து சென்னை வரை அந்த மெல்லிய நூல்தான் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை இழுத்துக்கொண்டு போகிறது. மேடு ஏறும்போது நூல் தடிக்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது மெலியும். நெரிசலில் இன்ஜின் ஓட வண்டி நிற்கும்போது ஒரே இடத்தில் திரண்டு முடிச்சு விழும்.

இந்தப் படம் மனதில் இருந்தால் சராசரி எடுப்பதில் தவறு வராது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலைப்பாதை சுமார் 50 கி.மீ. வகுக்க வசதியாக 48 என்று வைத்துக்கொள்வோம். ஏறும்போது வண்டி லிட்டருக்கு 8 கி.மீ. தருகிறது. திரும்பி இறங்கும்போது 24 தருகிறது. மொத்தத்தில் எவ்வளவு? பத்துப் பேரைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் 8-ஐயும் 24-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 16 என்பார்கள். பெட்ரோலை எண்ணிப் பாருங்கள். ஏற 6 லிட்டர், இறங்க 2 லிட்டர். மொத்தம் 96 கி.மீ.க்கு 8 லிட்டர். லிட்டருக்கு 12.

16 ஏன் தப்பு? லிட்டருக்கு எவ்வளவு தூரம் என்ற எண்களை நேராகச் சராசரி எடுக்கலாம், ஒவ்வொன்றிலும் ஒரே அளவு பெட்ரோல் செலவாகியிருந்தால். இங்கே ஏறும்போது செலவானது இறங்கும்போது செலவானதைப் போல மூன்று மடங்கு. ஆகவே அந்த 8-க்கு மூன்று பங்கு கனம் உண்டு. அதையே 100 கி.மீ. கணக்கில் பாருங்கள். ஏற்றத்தில் 12.5 லிட்டர், இறக்கத்தில் 4.17 லிட்டர். இரண்டுக்கும் தூரம் ஒன்றே என்பதால் கூட்டிப் பாதியாக்கலாம். 8.33 வரும். 100-ஐ 8.33-ஆல் வகுத்தால் அதே 12. தடித்த நூல் பாதித் தூரம், மெல்லிய நூல் பாதித் தூரம். சராசரித் தடிமனை நேராக எடுத்துவிடலாம்.

வண்டி மாற்றும் முடிவிலும் இதே தவறு பணமாகவே கைவிட்டுப் போகும். ஒரு வீட்டில் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று லிட்டருக்கு 8 தரும் பெரிய வண்டி. இன்னொன்று 18 தரும் சின்ன கார். இரண்டும் வருஷத்துக்கு 12,000 கி.மீ. ஓடுகின்றன. ஒன்றைத்தான் இப்போது மாற்ற முடியும். பெரிய வண்டியை மாற்றினால் 8 என்பது 10 ஆகும். சின்னதை மாற்றினால் 18 என்பது 24 ஆகும். கேட்டதும் கை சின்ன காரின் பக்கம்தான் போகும். இரண்டு கூடுவது எங்கே, ஆறு கூடுவது எங்கே!

லிட்டரில் எண்ணுங்கள். பெரிய வண்டி இப்போது 1,500 லிட்டர் குடிக்கிறது. மாற்றினால் 1,200. மிச்சம் 300 லிட்டர். சின்ன கார் இப்போது 667 லிட்டர், மாற்றினால் 500. மிச்சம் 167 லிட்டர். பெரிய வண்டியை மாற்றுவதில்தான் கிட்டத்தட்ட இரட்டிப்பு லாபம். 100 கி.மீ. கணக்கில் எழுதியிருந்தால் இந்தச் சங்கடமே வந்திருக்காது. 12.5 என்பது 10 ஆகிறது, 5.6 என்பது 4.2 ஆகிறது. வெறும் கழித்தலிலேயே விடை கண்ணுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-இல் சயன்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். கேலனுக்கு இத்தனை மைல் என்று சொல்லும்போது, மைலேஜ் கூடக்கூட அதே அளவில் பெட்ரோலும் மிச்சமாகும் என்று மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள் என்பதையும், அதே விவரத்தைக் குறிப்பிட்ட தூரத்துக்கு இத்தனை கேலன் என்று காட்டினால் சரியாக முடிவெடுக்கிறார்கள் என்பதையும் அவர்கள் சோதித்துக் காட்டினார்கள். 2013-ஆம் வருஷ மாடல் கார்களிலிருந்து அமெரிக்க ஜன்னல் தாளில் பெரிய எழுத்தில் பழைய எண்ணும், அதற்கடியில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்பதும் அச்சாகிறது. தம்பியின் காருக்கு அது 3.3. அந்தச் சின்ன எண்ணை அவன் கவனித்ததே இல்லை என்றான்.

நம் ஊரில் இது பைக் வாங்கும்போது மறுபக்கமாக வேலை செய்கிறது. 60 தருகிற பைக்குக்கும் 65 தருகிற பைக்குக்கும் இடையே யோசித்து யோசித்துத் தூக்கத்தைத் தொலைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதம் 600 கி.மீ. ஓட்டுகிறவருக்கு ஒன்று 10 லிட்டர், இன்னொன்று 9.2 லிட்டர். முக்கால் லிட்டர் சொச்சம்தான் வித்தியாசம். அந்த உயரத்தில் மைலேஜ் எண் எவ்வளவு தாவினாலும் பெட்ரோல் அசைவது கொஞ்சமே. நூல் ஏற்கெனவே மெலிந்துவிட்டது.

கணக்கைத் தாளில் போடாமல் எக்செல்லிலோ சின்ன நிரலிலோ போட்டு வைப்பவர்களுக்கு இந்த நாலு வரி போதும். இதில் mpg என்பது கேலனுக்கு மைல், kmpl என்பது லிட்டருக்குக் கி.மீ., l100 என்பது 100 கி.மீ.க்கு லிட்டர்:

```
kmpl = mpg_us * 0.425144
l100 = 235.215 / mpg_us
kmpl = mpg_uk * 0.354006
l100 = 282.481 / mpg_uk
```

முதலும் மூன்றும் பெருக்கல், இரண்டும் நான்கும் வகுத்தல். இரண்டாவது வரியில் வகுத்தலுக்குப் பதில் பெருக்கல் போட்டுவிட்டால் 30-க்கு 7,000-க்கு மேல் ஓர் எண் வந்து தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அமெரிக்க எண்ணுக்கு நான்காவது வரியைப் போட்டால் 9.4 என்று நம்பும்படியான விடை வரும், யாருக்கும் சந்தேகமே வராது. மோசமான தவறு அதுதான். அதனால் கட்டத்தின் தலைப்பில் வெறுமனே கேலன் என்று எழுதாமல் எந்த நாட்டு கேலன் என்று எழுதி வையுங்கள்.

எண்ணை எத்தனை தசம இடம் வரை நம்பலாம் என்பதையும் பார்க்க வேண்டும். நண்பரின் வண்டித் திரை 7.8 என்று காட்டினால் உண்மை 7.75-க்கும் 7.85-க்கும் இடையே எங்கேயும் இருக்கலாம். நம் அளவில் அது 12.7 முதல் 12.9 வரை. அதை மாற்றி 12.8205 என்று எழுதுவதில் அர்த்தமில்லை.

பெட்ரோல் நிரப்பி அளக்கும் முறையில் இதைவிடப் பெரிய ஆட்டம் இருக்கிறது. டேங்க் நிரம்பியதும் பம்பின் குழாய் தானாக நிற்கும், அதை ஆட்டோ கட் என்பார்கள். அது ஒவ்வொரு தடவையும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. பங்க்கின் தரை லேசாகச் சரிந்திருந்தாலே டேங்க்குக்குள் காற்று ஓர் ஓரத்தில் தங்கிவிடும். தம்பியின் 38.1 லிட்டரில் ஒரு லிட்டர் இப்படி முன்னே பின்னே போயிருந்தால் 12.76 என்பது 12.4-க்கும் 13.1-க்கும் இடையே எங்கேயும் இருந்திருக்கலாம். அவ்வளவு ஆட்டத்தை வைத்துக்கொண்டு, "போன தடவை 12.6 தந்தது, இந்தத் தடவை 12.9 தந்தது, சர்வீஸ் செய்தது வேலை செய்கிறது" என்று சொல்ல முடியாது.

அப்புறம், எவ்வளவு சரியாக மாற்றினாலும் தீராத ஒரு வித்தியாசம் உண்டு. அமெரிக்க ஜன்னல் தாளில் இருக்கும் 30-ஐ மாற்றி 12.75 என்று எழுதி, அதை இந்திய விளம்பரத்தில் வரும் எண்ணோடு ஒப்பிட்டால் அமெரிக்க வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்ப்பது போலத் தோன்றும். இரண்டும் ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் வண்டியை ஓட்டி எடுத்த எண்கள்தான். ஆனால் ஓட்டிய விதம் வேறு. நம் விளம்பர எண்ணுக்கு அடிப்படையாக இருந்துவரும் இந்திய ஓட்டச் சுழற்சியில் உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான், ஏசியும் போடுவதில்லை. அமெரிக்காவில் 2008 மாடல்களிலிருந்து அதிவேக ஓட்டம், ஏசி, குளிர் காலத்து ஓட்டம் மூன்றின் பாதிப்பையும் கணக்கில் சேர்த்துத்தான் தாளில் எண் போடுகிறார்கள். அதனால் அது சாலையில் கிடைப்பதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். தாளில் இருக்கும் எண்ணைத் தாளில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டும் ஒரே நாட்டுச் சோதனையிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். சாலையில் ஓட்டி எடுத்த எண்ணை, சாலையில் ஓட்டி எடுத்த எண்ணோடு ஒப்பிடலாம். கல்யாண மண்டப வாசலில் நாலு பேரும் சொன்னது சாலையில் கிடைத்த எண் என்பதால்தான் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிந்தது.

பெரியப்பாவின் கையில் ஒரு சின்ன டைரி உண்டு. ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் ஓடோமீட்டரையும் லிட்டரையும் எழுதி, பக்கத்திலேயே மைலேஜையும் போட்டு வைப்பார். கடைசி மூன்று வரிகளைப் பார்த்தேன். 486 கி.மீ.க்கு 38.1 லிட்டர், 12.76. ஊருக்குள்ளேயே சுற்றிய 210 கி.மீ.க்கு 21 லிட்டர், 10. பிறகு நெடுஞ்சாலையில் 402 கி.மீ.க்கு 28.9 லிட்டர், 13.9. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 12.2 என்று கீழே கோடிட்டு எழுதியிருந்தார். "பெரியப்பா, மைலேஜைக் கூட்டாதீங்க, கிலோமீட்டரைத் தனியாகக் கூட்டுங்க, லிட்டரைத் தனியாகக் கூட்டுங்க" என்றேன். 1,098 கி.மீ., 88 லிட்டர். வகுத்தால் 12.5. இந்தத் தடவை அவர் போட்டது குறைவாக வந்திருந்தது, ஊட்டிக் கணக்கில் கூடுதலாக வந்தது மாதிரி. டைரியை வாங்கி, மைலேஜ் கட்டத்தை அடித்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்துக் கீழேயும் மொத்தக் கிலோமீட்டருக்கும் மொத்த லிட்டருக்கும் இடம் விட்டுக் கோடு போட்டார்.